முன்பக்கம் மட்டும் தேய்த்த சட்டை: ஒரு நிமிட விளம்பரம் எழுதிய கதை

சலவைக் கடை நடத்தும் ஒருவர் ஒரு நிமிட விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். மாதச் சந்தா கட்டினால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆள் வந்து துணியை எடுத்துக்கொண்டு போய், துவைத்து, தேய்த்து, திருப்பிக் கொண்டுவந்து தரும் சேவை. எழுத இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். கடைசியில் மூன்று வாரம் ஆனது. அதில் எழுதிய நேரம் குறைவுதான். எழுதியதை வெட்டிய நேரம்தான் அதிகம்.

முதல் வரைவு “பரபரப்பான வாழ்க்கையில் உங்களுக்கு நேரம் எங்கே?” என்று தொடங்கியது. அடுத்து நீராவி இஸ்திரி, மென்மையான சோப்பு, கறை நீக்கம், தள்ளுபடி, செயலியில் முன்பதிவு எல்லாம் வரிசையாக வந்தன. உரிமையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் சொன்னது ஒன்றுகூட விடுபடவில்லையே! வீட்டுக்கு வந்து ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் படித்தேன். 151 சொற்கள், ஒரு நிமிடம் 26 வினாடி.

மனசுக்குள் படித்தால் எந்த ஸ்கிரிப்டும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாய்விட்டு, விளம்பரத்துக்குப் பேசும் வேகத்தில் படித்தால்தான் உண்மை தெரியும். நான் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 100 முதல் 110 சொற்கள் வருகின்றன. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 140, 150 என்ற கணக்கு நமக்கு உதவாது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். அதைச் சொல்லும் நேரத்தில் ஆங்கிலத்தில் மூன்று சொல்லைச் சொல்லிவிடலாம். அந்த 100, 110 சொல்லையும் முழுக்க நிரப்பக் கூடாது. படம் பேச வேண்டிய இடங்களுக்கு ஒரு பத்துப் பதினைந்து வினாடியாவது ஒதுக்க வேண்டும். அதனால் 75 சொல்லுக்குள் முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாதியை வெட்ட வேண்டும். எந்தப் பாதியை?

இதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உரிமையாளரிடம், “சந்தா பற்றிக் கேட்டுவிட்டு, அப்புறம் சேராமல் போனவர்கள் அனுப்பிய செய்திகளைக் காட்டுங்கள்” என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு போனை நீட்டினார். சோப்பு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நீராவி பற்றியும் இல்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்வி, வேறு வேறு வார்த்தைகளில்: “காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம், நீங்கள் வரும்போது வீட்டில் ஆள் இருக்க மாட்டார்களே?” அதற்கு அடுத்தபடியாக, “துணி மாறிப் போனால்?”

அதாவது, இவர்கள் வேலை மிகுந்தவர்கள் என்பதால்தான் சேவை தேவைப்படுகிறது. அதே காரணத்தால்தான் சேரவும் முடியவில்லை. துணியைக் கொடுப்பதற்காக ஒருவர் வீட்டில் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த நேரத்தில் அவரே தேய்த்துவிடுவாரே. என் முதல் வரைவு துவைப்பதையும் தேய்ப்பதையும் விற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் வாங்க நினைத்ததோ, கதவைத் திறக்காமலே வேலை முடிவதை.

சரி, அப்படியானால் கதவையே கதாநாயகன் ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. ஒரே கதவு, அதில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு பை. பை போகிறது, பை வருகிறது. படப்பிடிப்புச் செலவும் குறையும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அந்த வாதம்தான் அவரிடம் எடுபட்டது.

இந்த இடத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. “நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். மறுநாள் உரிமையாளர் கூப்பிட்டு, “அதை எப்படிங்க சொல்றது? வாசல்லயே வச்சு எண்ணி, சீட்டு எழுதிக் கொடுத்துட்டுத்தானே எடுத்துட்டு வர்றோம்” என்றார். நியாயமான கேள்வி. ஆள் இல்லாத வீட்டில் யார் முன்னால் எண்ணுவது? கடையில் போய் எண்ணிவிட்டு, “உங்கள் பையில் ஆறு துணிதான் இருந்தது” என்று சொன்னால், “ஏழு போட்டேனே” என்று வாடிக்கையாளர் சொல்வார். இரண்டு பேரிடமும் சான்று கிடையாது. அந்த வரி விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்றால் முதலில் கடையில் வேலை நடக்கும் விதம் மாற வேண்டும்.

இரண்டு நாள் பேசி ஒரு வழி கண்டோம். பைக்கு ஜிப், ஜிப்பின் முனையை இறுக்கிப் பூட்ட, எண் அச்சிட்ட பிளாஸ்டிக் பூட்டுப் பட்டை. ஒருமுறை இறுக்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க முடியும். வாடிக்கையாளர் பட்டையை மாட்டி, எண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கடையில் ஒரு கேமராவுக்குக் கீழே மேசை போட்டு, அங்கேதான் பட்டையை வெட்டி, துணியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணுவார்கள். அன்று மாலைக்குள் எண்ணிக்கை வாடிக்கையாளரின் போனுக்குப் போகும். தவறு என்றால் அன்று இரவுக்குள் சொல்ல வேண்டும்; துணி இன்னும் துவைக்கப் போயிருக்காது, காட்சிப் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். அடையாளத் துண்டு கட்டும் வழக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. தண்ணீரில் அழியாத மையில் வாடிக்கையாளர் எண் எழுதிய சின்னத் துணித் துண்டு. பொத்தான் துளையிலோ உள்பட்டியிலோ கோத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், விளம்பரத்தில் இவ்வளவுக்கும் எனக்குக் கிடைத்த இடம் 13 வினாடி. அந்த 13 வினாடி உண்மையாக இருக்கத்தான் இரண்டு நாள் போனது.

இதே காரணத்துக்காக இரண்டு வாக்குறுதிகள் வெளியே போயின. முதலாவது, “எவ்வளவு துணி வேண்டுமானாலும்”. திட்டத்தில் மாதம் 40 துணி என்று வரம்பு இருந்தது. “சின்ன எழுத்துல கீழே போட்டுக்கலாமே” என்றார் உரிமையாளர். பெரிய குரலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, சின்ன எழுத்தில் அதையே மறுத்தால், சேர்ந்தவர் 41-ஆவது துணி கொடுக்கும் அன்று சண்டை வரும். சந்தா என்பது ஒருமுறை விற்றுவிட்டுப் போகும் பொருள் இல்லை. அடுத்த மாதமும் அவர் பணம் கட்ட வேண்டும். வரம்பைக் குரலிலேயே சொல்லிவிட்டோம். இரண்டாவது, “24 மணி நேரத்தில்”. மழை நாட்களில் கடையால் முடியாது. அதற்குப் பதில் “அடுத்த முறை வரும்போது” என்று மாற்றினேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்கள். திங்கள் கொடுத்தால் வியாழன், வியாழன் கொடுத்தால் திங்கள். மணிக் கணக்கைவிட கிழமைக் கணக்கு கேட்பவருக்கும் எளிது, கடைக்கும் மூச்சு விட நேரம்.

விலையை வேண்டுமென்றே குரலில் சேர்க்கவில்லை. படத்தின் முடிவில் திரையில் வரும் அட்டையில் எழுத்தாக மட்டும் வைத்தோம். விலை மாறினால் அட்டையை மாற்றினால் போதும், குரல் பதிவு செய்தவரை மறுபடி கூப்பிட வேண்டாம்.

அப்புறம், தொடக்கம். முதல் ஐந்து வினாடியில் என்ன காட்டுவது? குவிந்து கிடக்கும் அழுக்குத் துணி, நெற்றியைப் பிடித்துக்கொள்ளும் பெண், கடிகாரம் எல்லாவற்றையும் யோசித்தேன். எங்கோ பார்த்த மாதிரியே இருந்தன. ஒரு நாள் காலை, அவசரத்தில் என் சட்டையின் காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீடியோ கூட்டம்தானே, முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்! கதவைப் பூட்டத் திரும்பியபோது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். தொடக்கம் கிடைத்துவிட்டது. முன்னால் பார்த்தால் ராஜா, திரும்பினால் கசங்கிய காகிதம். சத்தமே இல்லாமல் புரிகிறது என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். லிஃப்டுக்குள் வைத்திருக்கும் திரையிலும், ஒலியை அணைத்து வைத்த போனிலும் ஓடப்போகிற படம் இது. கதவைப் பூட்டத் திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதால், கதவுக் கதைக்கும் அது பொருந்தியது.

கடைசியாகப் படப்பிடிப்புக்குப் போன ஸ்கிரிப்ட் இது:

0–5 வினாடி. அடுக்குமாடி வீட்டுக் கதவு திறக்கிறது. மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வெளியே வருகிறார். கதவைப் பூட்டத் திரும்புகிறார். முதுகு முழுக்கக் கசங்கல். குரல் இல்லை, சாவிச் சத்தம் மட்டும்.

5–10 வினாடி. அவர் லிஃப்டை நோக்கி, முதுகைச் சுவரோடு ஒட்டியபடி நடக்கிறார். குரல்: “முன்பக்கம் மட்டும் தேய்த்த சட்டை. திரும்பாமல் இருக்கும் வரை பிரச்சினை இல்லை.”

10–20 வினாடி. அதே கதவு, இரவு. பை, ஜிப், பூட்டுப் பட்டை, கொக்கி. கதவு மூடுகிறது. குரல்: “அழுக்குத் துணியைப் பையில் போடுங்கள். ஜிப்பைப் பூட்டுங்கள். கதவில் மாட்டுங்கள். எடுக்க வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.”

20–33 வினாடி. பகல். ஒரு கை பையை எடுக்கிறது, கொக்கி காலி. கடையில் பட்டையை வெட்டுகிறார்கள், எண்ணுகிறார்கள், அடையாளத் துண்டைக் கோக்கிறார்கள். குரல்: “திங்கள், வியாழன். வாரம் இரண்டு முறை வருகிறோம். பையைத் திறந்ததும் முதல் வேலை எண்ணுவது. ஒவ்வொரு துணிக்கும் உங்கள் எண் போட்ட அடையாளத் துண்டு. எண்ணிக்கை உங்கள் போனுக்கு வந்துவிடும்.”

33–39 வினாடி. காலரின் மேல் இஸ்திரிப் பெட்டி, மிக அருகில். குரல் இல்லை, நீராவிச் சத்தம்.

39–49 வினாடி. கதவு. கொக்கியில் பை திரும்பி வந்திருக்கிறது. அவர் திறந்து பார்க்கிறார். குரல்: “அடுத்த முறை வரும்போது துவைத்து, தேய்த்து, மடித்த துணி கதவுக்கே திரும்பும். மாதத்துக்கு ஒரே கட்டணம், நாற்பது துணி வரை.”

49–54 வினாடி. காலை. அவர் வெளியே வந்து கதவைப் பூட்டத் திரும்புகிறார். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. குரல்: “இனி திரும்பலாம்.”

54–60 வினாடி. அட்டை. குரல்: “திரையில் உள்ள எண்ணுக்கு ஒன்று என்று அனுப்புங்கள். பை உங்கள் கதவுக்கு வரும்.”

மொத்தம் 72 சொற்கள்.

இதில் “ஜிப்பைப் பூட்டுங்கள்” என்ற இடத்தில் முதலில் “வாயைப் பூட்டுங்கள்” என்றுதான் எழுதியிருந்தேன். பையின் வாயைத்தான் சொன்னேன். குரல் கொடுத்தவர் ஒத்திகையில் அந்த வரியை நல்ல கம்பீரமாகப் படித்துவிட்டு, தானே சிரித்துவிட்டார். வாடிக்கையாளரை வாயை மூடச் சொல்லும் விளம்பரம்! எழுதும்போது மூன்று பேர் பார்த்தோம், ஒருவர் காதிலும் படவில்லை. கடைசி வரியிலும் இதே மாதிரி ஒன்று. அனுப்ப வேண்டிய சொல் முதலில் “பை” என்று இருந்தது. கதையே பை பற்றியது, மனதில் நிற்கும் என்று எனக்கு ரொம்பப் பெருமை. சோதனைக்கு நான்கு நண்பர்களை அனுப்பச் சொன்னோம். இரண்டு பேர் ஆங்கில எழுத்தில் தட்டினார்கள், ஆளுக்கொரு விதமாக; அதில் ஒன்று விடைபெறும் ‘பை’. தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாட்டுக்கு அது பை கேட்பதா, போய் வருகிறேன் என்பதா என்று எப்படித் தெரியும்? ‘ஒன்று’ என்று மாற்றி, திரையில் 1 என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டோம்.

படப்பிடிப்பில் கசங்கல்தான் பெரிய வேலை. சட்டை கசங்கியிருப்பது நேரில் நன்றாகத் தெரியும். கேமராவில் காணாமல் போய்விடும். முன்னாலிருந்து விழும் வெளிச்சம் சுருக்கத்தின் நிழலை அழித்துவிடுகிறது. விளக்கைப் பக்கவாட்டில், முதுகை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைத்ததும் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நின்றது. வெள்ளைச் சட்டை வேண்டாம் என்றேன். வெளிச்சத்தில் வெளுத்துப் போய்ச் சுருக்கம் தெரியாது. வெளிர் நீலம், சுத்தப் பருத்தி. பாலியெஸ்டர் கலந்தது என்றால் எவ்வளவு கசக்கினாலும் விரிந்துகொள்ளும். நனைத்து, முறுக்கி, முறுக்கியபடியே காயவைத்து எடுத்தோம். பிறகு ஒரு அட்டையை உள்ளே விட்டு முன்பக்கத்தை மட்டும் தேய்த்தோம்.

ஒரே மாதிரி இரண்டு சட்டை வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் வரிசையில் தப்பு செய்தோம். ஸ்கிரிப்ட் வரிசைப்படியே எடுத்துக்கொண்டு போனதால், “இனி திரும்பலாம்” ஷாட் மாலையில் வந்தது. நடிப்பவர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, விளக்கு மாற்றும் வரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தால் இடுப்புக்கு மேலே குறுக்காக நாலு கோடு! கழற்றி, தேய்த்து, மறுபடி போட்டு, இந்த முறை அவரை நிற்க வைத்தே காத்திருந்தோம். அடுத்த தடவை சுருக்கம் இல்லாத ஷாட்டைத்தான் காலையில் முதலில் எடுப்பேன்.

நீராவியும் அப்படித்தான். இஸ்திரிப் பெட்டியிலிருந்து வருவது வெளிச்சமான சுவருக்கு முன்னால் கண்ணுக்கே தெரியவில்லை. பின்னால் கறுப்புத் துணி கட்டி, விளக்கைப் பின்பக்கத்திலிருந்து விட்டபோதுதான் திரையில் நீராவி எழுந்தது. அந்த ஷாட்டுக்கு நான் “பெட்டி காலரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறது” என்று எழுதியிருந்தேன். கடையில் பல வருடமாகத் தேய்க்கும் பெரியவர்தான் தேய்க்க வந்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டு, “அப்படி இழுத்தா கடைசி முனையில துணி சேர்ந்து சுருங்கிடும் தம்பி. ரெண்டு முனையிலேருந்தும் நடுவுக்கு வரணும்” என்றார். செய்தும் காட்டினார். துணி வேலை தெரிந்த ஒருவர் பார்த்தால் என் ஷாட்டே கடையின் மானத்தை வாங்கியிருக்கும்.

முதல் தொகுப்பு கையில் வந்ததும், ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் காட்டினேன். “என்ன விற்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டேன். “சலவைக் கடை. ஆனா பை ஏன் தொங்குது?” என்றார். வீட்டில் ஆள் இல்லை என்பது படத்தில் எங்குமே இல்லை. அது குரலில் மட்டும் இருந்தது. எடுக்க வரும் கை அழைப்புமணியைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு போகும் ஒரு ஷாட்டைச் சேர்த்தோம். மணிப் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, கை அதைக் கடந்து போகிறது. அடுத்து பார்த்தவருக்குப் புரிந்தது. திரை எழுத்தையும் குரலின் நகலாக வைக்காமல், “ஆள் இல்லாவிட்டாலும் எடுப்போம்”, “எண்ணி, உங்களுக்குச் சொல்வோம்” என்று வரிக்கு மூன்று நான்கு சொல்லாகச் சுருக்கினேன். நெடுக்குவாக்கில் பிடித்த போனில் அதற்கு மேல் போனால் எழுத்து எறும்பாகிவிடுகிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு குடியிருப்பின் சங்கத்திலிருந்து செய்தி: தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி என்பதால் நடைபாதையில், கதவில் எதையும் தொங்கவிட அனுமதி இல்லை, பைகளை வாசல் காவலர் அறையில்தான் வைக்க வேண்டும். எங்கள் கதாநாயகனையே நீக்கச் சொல்கிறார்கள்! நல்லவேளை, குரலை வரி வரியாகத் தனித்தனிக் கோப்பாகப் பதிந்திருந்தோம். அந்த வகைக் குடியிருப்புகளுக்காக “கதவில் மாட்டுங்கள்” என்பதை “வாசலில் கொடுங்கள்” என்று மாற்றிப் பதிந்து, காவலர் அறை அலமாரியில் பை இருக்கும் இரண்டு ஷாட்டை எடுத்துச் சேர்த்தோம். “கதவுக்கே திரும்பும்” என்பது “வாசலுக்கே திரும்பும்” ஆனது. கடைசி வரிக்கும் அதே மாற்றம். முதல் காட்சியும் “இனி திரும்பலாம்” காட்சியும் அப்படியே இருந்தன. பூட்டத் திரும்புவதை எந்தச் சங்கமும் தடுக்க முடியாதே.

இப்போது இரண்டு பதிப்பு ஓடுகிறது. எந்தக் குடியிருப்புக்கு எது என்று உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். முழுப் படத்தையும் பெரியவரிடம் போட்டுக் காட்டினேன். காலர் ஷாட் வந்ததும், “நிறுத்து” என்றார். தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பெட்டி கொஞ்சம் சூடு அதிகம்” என்றார்.